கட்டடம் முடிய இன்னும் எவ்வளவு ஆகும்? மீதிச் செலவு மதிப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறோம். சென்னைப் புறநகரில் கீழே வண்டி நிறுத்துமிடமும் மேலே 5 மாடிகளும் கொண்ட, 20 வீடுகள் உள்ள குடியிருப்பு. கட்டுமானப் பரப்பு சுமார் 26,000 சதுர அடி. அனுமதித்த பட்ஜெட் 900 லட்சம் ரூபாய். அதில் 860 லட்சம் வேலைகளுக்கு, 40 லட்சம் எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடு. 12 மாதத்தில் முடிப்பதாகத் திட்டம். இப்போது 8ஆம் மாத இறுதி. தளங்கள் எல்லாம் போட்டாயிற்று, பூச்சு நடக்கிறது, 14 மாதம் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டது. எண்கள் கணக்கை விளக்க அமைத்தவை. தொகைகள் எல்லாம் லட்சத்தில், ஜிஎஸ்டி சேர்த்து.

பட்ஜெட் 900, இதுவரை ஆன செலவு 387. கழித்தால் 513. இன்னும் ஆகப்போவது இவ்வளவுதானே?

513 என்பது பட்ஜெட்டில் மிச்சம் இருக்கும் தொகை. வேலைக்கு இனி எவ்வளவு தேவை என்று அது சொல்லாது. வேலை தொடங்கும் முன் போட்ட ஊகங்கள் எல்லாம் இன்றைக்கும் சரி என்று எடுத்துக்கொண்டால்தான் இந்த இரண்டும் ஒன்றாகும். எட்டு மாதத்தில் அளவு மாறியிருக்கும், விலை மாறியிருக்கும், இன்ஜினியர் வாய்வார்த்தையாக நாலு வேலை சொல்லியிருப்பார்.

சரியான வழி, மீதி வேலையை அடியிலிருந்து மறுபடி கணக்கிடுவது. அதற்கு நான்கு கூடைகள் போதும்: ஏற்கனவே ஒப்புக்கொண்ட செலவு, இன்னும் ஆர்டர் தராத வேலை, முடிவாகாத மாற்றங்கள், மீதி ரிஸ்க். ஒவ்வொரு ரூபாயும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கூடையில்தான் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை, ஒரே பணம் இரண்டு கூடையில் கிடப்பதாலோ எதிலுமே இல்லாமல் போவதாலோ வருபவை.

ஒப்புக்கொண்ட செலவு என்றால் கொடுத்த பணமா, பில் வந்த பணமா?

இரண்டும் இல்லை. கையெழுத்தான ஒப்பந்தம், ஒர்க் ஆர்டர், பர்ச்சேஸ் ஆர்டர் ஆகியவற்றின் முழுத் தொகையும், அவற்றின் மேல் எழுத்தில் ஒப்புதல் ஆன மாற்றங்களும் சேர்ந்ததே ஒப்புக்கொண்ட செலவு. ஒரு ரூபாய் கூடக் கொடுத்திருக்காவிட்டாலும், வேலை நடந்தால் அந்தத் தொகையைத் தந்தாக வேண்டும்.

நம் கட்டடத்தில் சிவில் ஒப்பந்தம் 480, அதன் மேல் ஒப்புதல் ஆன எக்ஸ்ட்ரா வேலைகள் 12. எலக்ட்ரிக்கல் 70, பிளம்பிங்கும் தீயணைப்பும் 58, லிஃப்ட் 34. மொத்தம் 654. லிஃப்டுக்கு 10 லட்சம் முன்பணம் மட்டுமே போயிருக்கிறது. ஆனாலும் இந்தக் கூடையில் 34 முழுதாக வர வேண்டும்.

ஆன செலவை எழுதும்போது செக் தொகையைப் பார்த்து எழுதுவது அடுத்த தவறு. 10 லட்சத்துக்குப் பில் சான்றளித்தால் 5% ரிடென்ஷனும் டிடிஎஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் செக் போகும். பிடித்த ரிடென்ஷன் நாளைக்குக் கொடுக்க வேண்டிய பணம். டிடிஎஸ் அரசுக்குக் கட்ட வேண்டிய பணம். இரண்டும் கட்டடத்தின் செலவே. ஆகவே சான்றளித்த தொகையை எடுங்கள். அதோடு, மாதக் கடைசி வரை நடந்து இன்னும் பில் வராத வேலையை அளவுப் புத்தகத்தைப் பார்த்துச் சேருங்கள். நம் கணக்கில் சான்றளித்தவை, லிஃப்ட் முன்பணம், சைட் செலவு எல்லாம் சேர்த்து 373. கடைசி இரண்டு வாரப் பூச்சு வேலைக்குப் பில் வராதது 14. அதனால்தான் 387.

எங்கள் சிவில் கான்ட்ராக்ட் ஐட்டம் ரேட். ஆர்டரில் இருக்கும் தொகையையே கடைசித் தொகையாக வைக்கலாமா?

கூடாது. ஐட்டம் ரேட்டில் உறுதியானது விலை மட்டுமே. அளவு உறுதியானது அல்ல. நடந்த அளவுக்குத்தான் பணம். ஆகவே மீதி வேலையின் அளவை வரைபடத்திலிருந்து ஒரு தடவை புதிதாக எடுத்தே தீர வேண்டும்.

இந்தக் கட்டடத்தில் உள்பூச்சு அளவுப் பட்டியலில் 7,600 சதுர மீட்டர். மூன்று மாடி பூசி முடித்த பின் அளந்தபோது, போகிற போக்கில் மொத்தம் 8,400 வரும் என்று தெரிகிறது. காரணம் திறப்புகள். ஐஎஸ் 1200 அளவு முறைப்படி, அரை சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள கதவு, ஜன்னல் திறப்புகளுக்குச் சுவரின் ஒரு பக்கப் பூச்சில் மட்டுமே கழிக்க வேண்டும். மறு பக்கத்தில் கழிப்பதில்லை, அதற்கு ஈடாக ஓரப் பூச்சுக்குத் தனியாகப் பணமும் இல்லை. மதிப்பீடு போட்டவர் இரண்டு பக்கமும் கழித்துவிட்டார். படிக்கட்டுச் சுவரையும் பைப் போகும் டக்ட் உள்சுவரையும் விட்டுவிட்டார். 800 சதுர மீட்டர் கூடுதல், சதுர மீட்டருக்கு 380 ரூபாய். சுமார் 3 லட்சம். இதற்கு மாற்ற உத்தரவு எதுவும் வராது, பில்லில் அப்படியே ஏறிவரும். அதனால்தான் கடைசி பில் வரும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை.

பாதி முடிந்த ஐட்டங்களில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. பூச்சு, டைல்ஸ் பதிப்பு, பிளாக் கட்டு, வாட்டர்புரூஃபிங் ஆகிய நான்கையும் முடிந்த மாடியின் அளவை வைத்து மீதி மாடிகளுக்கு நீட்டிப் பாருங்கள். பட்டியலை விட 5% மேல் போனால் அந்த ஐட்டத்தை முழுதாக மறுபடி அளக்கலாம்.

இன்னும் ஆர்டர் கொடுக்காத வேலைக்கு என்ன எழுதுவது?

பட்ஜெட் எண்ணை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். கையில் கொட்டேஷன் இருந்தால் அது. இல்லையென்றால் இன்றைய அளவும் இன்றைய விலையும்.

இங்கே டைல்ஸ், சானிட்டரி பட்ஜெட் 85; வந்த குறைந்த கொட்டேஷன் 91. கதவு ஜன்னல் 52, இப்போது 55. பெயின்ட் 33, மாற்றமில்லை. காம்பவுண்டு, சம்ப், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு உள்ளிட்ட வெளி வேலை 30, இப்போது 32. 200 லட்சம் இருந்தது 211 ஆகிறது.

சைட் செலவையும் மறக்காதீர்கள். வாட்ச்மேன், சூப்பர்வைசர், தற்காலிக மின்சாரம், தண்ணீர் லாரி எல்லாம் மாதம் ஒன்றரை லட்சம். 12 மாதத்துக்கு 18 ஒதுக்கினோம். 14 மாதம் என்றால் 21. காலம் தள்ளிப்போனால் இந்த வரி தானாக ஏறும், யாரும் ஒப்புதல் தர வேண்டியதில்லை.

எக்ஸ்ட்ரா வேலை ஆரம்பித்துவிட்டார்கள், விலை இன்னும் பேசவில்லை. விலை முடிவான பிறகு கணக்கில் ஏற்றினால் போதாதா?

போதாது. விலைதான் தெரியவில்லை, செலவு வருவது உறுதி. சைட்டில் நடக்கும் வேலைக்குக் கணக்கில் சுழியம் வைப்பது, தெரிந்தே குறைத்துக் காட்டுவது ஆகும்.

மாற்றங்களை வகைப்படுத்த ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்யச் சொல்லியாகிவிட்டதா? எழுத்திலோ, சைட் உத்தரவுப் புத்தகத்திலோ, உரிமையாளர் ஒப்புக்கொண்ட பேச்சிலோ சொல்லியாகியிருந்தால் முழுத் தொகையும் முடிவாகாத மாற்றங்கள் கூடைக்கு வரும். "செய்தால் நல்லது" என்ற அளவில் மட்டும் இருந்தால் ரிஸ்க் பட்டியலுக்குப் போகும். பாதி உறுதி, முக்கால் உறுதி என்று மாற்றங்களுக்குச் சதவீதம் போடத் தொடங்கினால் பட்டியலை ஒருவராலும் சரிபார்க்க முடியாது.

எந்தத் தொகையை எழுதுவது என்பதில்தான் சண்டை வரும். ஜெனரேட்டர் திறன் கூட்டியதால் கேபிளும் பேனலும் பெரிதாயின. கான்ட்ராக்டர் கேட்பது 6. கடை விலை, ஆள் கூலி, ஒப்பந்தத்தில் சொன்ன லாப வீதம் வைத்து நாம் பிரித்துப் பார்த்தால் 4.8. இந்தக் கூடையில் நம் 4.8 வரட்டும், இடையில் உள்ள 1.2ஐ ரிஸ்க் பட்டியலில் தனி வரியாகப் போடுங்கள். விலை 5.4 என்று முடிந்தால் அந்த 5.4 ஒப்புக்கொண்ட செலவுக்கு நகரும், இங்கிருக்கும் 4.8 நீங்கும், ரிஸ்க் வரியும் அழியும். மூன்றையும் ஒரே நாளில் செய்யுங்கள். முதலாவதை மட்டும் செய்து மற்ற இரண்டையும் மறந்தால் ஒரே கேபிளுக்கு இரண்டு முறை பணம் நிற்கும்.

மற்ற மாற்றங்கள்: ஆறு வீடுகளில் வாங்குபவர் கேட்ட சமையல் மேடை, பாத்ரூம் மாற்றம் 3.2, மொட்டைமாடி வாட்டர்புரூஃபிங் முறையை மாற்ற உரிமையாளர் வாயால் ஒப்புக்கொண்டது 2.4, மொட்டைமாடியில் அலங்காரப் பர்கோலா வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தது, கழிவு 1.4. கூட்டிக் கழித்தால் 9. கழிவுகளை எழுத மறப்பவர்கள் அதிகம். கான்ட்ராக்டர் அதை நினைவூட்டப் போவதில்லை.

வீடு வாங்குபவர் கேட்ட மாற்றத்துக்கு அவரே பணம் தருகிறார். அது ஏன் செலவில் வர வேண்டும்?

கான்ட்ராக்டருக்குப் பணம் தருவது நீங்கள். ஆகவே 3.2 செலவுப் பக்கம் முழுதாக வரும். வாங்குபவர் தருவது வரவுப் பக்கம் தனியாக. இரண்டையும் கழித்துச் சுழியம் என்று காட்டினால், பணம் தராத வீடு எது என்பதே மறைந்துபோகும். சாவி கொடுத்த பிறகு அந்தப் பணம் வருவது கடினம்.

எதிர்பாராச் செலவு ஒதுக்கீட்டில் 40ல் 12 தான் எடுத்திருக்கிறோம். 28 இருக்கிறதே, பயம் எதற்கு?

அந்த 28 ஏட்டில் மட்டுமே இருக்கிறது. மேலே பார்த்தவற்றை வரிசையாக அதிலிருந்து கழியுங்கள்: பூச்சு அளவு 3, முடிவாகாத மாற்றங்கள் 9, ஆர்டர் தராத வேலையின் விலை ஏற்றம் 11, சைட் செலவு 3. மொத்தம் 26. உண்மையில் கையில் நிற்பது 2 லட்சம். ஒதுக்கீட்டுப் பதிவேடு ஒப்புதலான மாற்றங்களை மட்டுமே பார்க்கும். ஒப்புதல் மேசைக்கு வராதவை எல்லாம் அதற்கு வெளியே சேர்ந்துகொண்டிருக்கும்.

அந்த 2 போதுமா என்று தெரிய, மீதி வேலையில் என்ன நடக்கக்கூடும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். "இதர 3%" என்று ஒரு வரி போடுவது ரிஸ்க் கணக்கு ஆகாது. அடித்தளம், தளம் போடுவது போன்ற பெரிய ரிஸ்க்குகள் முடிந்துபோயின. அவற்றுக்கு வைத்த பணம் இன்னும் தேவை என்று சொல்ல முடியாது. மாறாக, முடிக்கும் கட்டத்துக்கே உரிய புதியவை வந்திருக்கின்றன.

முதலாவது, கான்ட்ராக்டரின் சும்மா இருந்த நாட்களுக்கான கோரிக்கை. வரைபடம் தாமதமானதால் ஆட்கள் 22 நாள் வேலையின்றி இருந்ததாக 9 லட்சம் கேட்கிறார். ஒப்பந்தம் கால நீட்டிப்பு மட்டுமே தருகிறது என்பது நம் வாதம். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்து 3. அடுத்து காலம்: தமிழ்நாட்டில் இந்த அளவுக் கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் வந்தால்தான் நிரந்தர மின் இணைப்பு. லிஃப்டுக்குத் தனி உரிமம் வேண்டும். இவை இரண்டு மாதம் இழுத்தால் 3 லட்சம். பாதி வாய்ப்பு, 1.5. சம்ப் தோண்டுவது வடகிழக்குப் பருவமழையில் மாட்டினால் நீர் இறைப்பும் பக்கவாட்டுத் தாங்கலும் 4. பாதி வாய்ப்பு, 2. டைல்ஸ் ஆர்டர் தாமதமானால் விலை 5% ஏறலாம், 4.5, பத்தில் நான்கு வாய்ப்பு, 1.8. பாத்ரூம் கசிவு, விரிசல் திருத்தம் 3. பத்தில் ஏழு வாய்ப்பு, 2.1. ஜெனரேட்டர் விலை வித்தியாசம் 1.2ல் பாதி, 0.6. கூட்டினால் 11.

வாய்ப்பால் பெருக்கிய எண்ணுக்கு ஒரு எல்லை உண்டு. சிறிய ரிஸ்க்குகள் பல இருக்கும்போது சில வரும், சில வராது, மொத்தம் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஆனால் அந்த 9 லட்சம் ஒருபோதும் 3 லட்சமாக வந்து நிற்கப் போவதில்லை. ஒன்று பெரும்பகுதி தர வேண்டிவரும், அல்லது ஒன்றுமில்லை. ஆகவே மொத்த ரிஸ்க்கில் ஒரே வரி கால் பங்குக்கு மேல் இருந்தால் அதன் முழுத் தொகையையும் அறிக்கையில் தனியாகச் சொல்லுங்கள். எல்லாமே வந்துவிட்டால் 11க்குப் பதில் 24.7 ஆகும் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

சரி, எல்லாம் சேர்த்து இறுதி எண் என்ன?

| வரி | லட்சம் |
|---|---|
| ஒப்புக்கொண்ட செலவு | 654 |
| ஐட்டம் ரேட்டில் அளவு கூடுதல் | 3 |
| முடிவாகாத மாற்றங்கள் | 9 |
| ஆர்டர் தராத வேலை | 211 |
| சைட் செலவு, 14 மாதம் | 21 |
| ரிஸ்க்குக்கு முன் மொத்தம் | 898 |
| மீதி ரிஸ்க் | 11 |
| எதிர்பார்க்கும் இறுதிச் செலவு | 909 |
| இதுவரை ஆனது | 387 |
| முடிக்க ஆகும் செலவு | 522 |

அனுமதித்ததை விட 9 லட்சம் அதிகம். எல்லா ரிஸ்க்கும் வந்தால் இறுதிச் செலவு 922.7. இது 8ஆம் மாதத்தில் தெரிவதால் செய்ய வழி இருக்கிறது: டைல்ஸ் ஆர்டரை இந்த மாதமே கொடுத்து விலையைப் பூட்டலாம், மழைக்கு முன் சம்ப்பைத் தோண்டலாம், வாட்டர்புரூஃபிங் மாற்றம் வேண்டுமா என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேட்கலாம். 12ஆம் மாதத்தில் தெரிந்தால் இவற்றில் ஒன்றும் மிஞ்சாது.

பேங்க்குக்கு இந்த 522ஐயே சொல்லலாமா?

பேங்க் கேட்பது பொதுவாக இனி வெளியே போகும் பணம். அதற்கு 522உடன் வேலை நடந்து பில் வராத 14ஐயும், பிடித்து வைத்திருக்கும் ரிடென்ஷனையும் சேர்க்க வேண்டும். சிவில், எலக்ட்ரிக்கல், பிளம்பிங் சான்றளித்தது 351. அதில் 5% சுமார் 17.5. ஆக 553.5. ரிடென்ஷனில் ஒரு பகுதி குறைதிருத்தக் காலம் முடிந்த பிறகுதான் போகும் என்பதால் மாத வாரியாகப் பிரித்துக் கொடுங்கள்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா கேட்கும் தனிக் கணக்கு வேறு. வாங்குபவர்களிடம் பெற்றதில் 70% அந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதும், முடிந்த வேலையின் விகிதத்துக்கேற்ப இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் சான்றின்மேல்தான் எடுக்கலாம் என்பதும் 2016 சட்டத்தின் விதி. மூவரும் ஒரே மாத இறுதி எண்ணைப் பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள்.

ஜிஎஸ்டியைச் சேர்க்க வேண்டுமா?

விற்பனைக்கான குடியிருப்பு என்றால் சேர்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய திட்டங்களில் வீட்டு விற்பனைக்கு 5%, மலிவு விலை வீட்டுக்கு 1% வரி. உள்ளீட்டு வரிக் கழிவு இல்லை. கான்ட்ராக்டர் பில்லில் வரும் 18% உங்கள் செலவாகவே நிற்கும். பட்ஜெட் வரியில்லாமலும் ஆர்டர் வரியோடும் இருந்தால் இல்லாத ஏற்றம் தெரியும். தலைகீழாக இருந்தால் இல்லாத மிச்சம் தெரியும். கொட்டேஷன்களில் "வரி தனி" என்ற சின்ன எழுத்தைத் தேடுங்கள்.

மாதாமாதம் எப்படிச் செய்வது? மதிப்பீடு தவறு என்று எப்படித் தெரியும்?

மாதக் கடைசி நாளைக் கணக்கு நாளாக வைத்து, அன்றைக்கு வரை நடந்த வேலையை அளந்துவிடுங்கள். பிறகு சைட் இன்ஜினியர், பில்லிங் இன்ஜினியர், வாங்கல் பிரிவு மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சைட் உத்தரவுப் புத்தகத்தை மாற்றப் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். புத்தகத்தில் இருந்து பட்டியலில் இல்லாதவைதான் நாளைய அதிர்ச்சிகள். கடைசியாக, சென்ற மாத இறுதி எண்ணுக்கும் இந்த மாத எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை வரி வரியாக எழுதுங்கள். காரணம் எழுத முடியாத வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒரு தொகை இரண்டு கூடையில் கிடக்கிறது.

மதிப்பீடு பழுது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. இறுதி எண் நாலைந்து மாதம் அசையாமல் பட்ஜெட்டுக்குச் சமமாகவே இருந்தால், யாரோ மீதியைக் கழித்தல் போட்டு நிரப்புகிறார்கள். ஒரு ஒப்பந்தத்தில் சான்றளித்தது 95% ஆகி, சைட்டில் வேலை 80% தான் முடிந்திருந்தால், அளவு ஏறிவிட்டது அல்லது முன்கூட்டியே பில் போகிறது. முடிவாகாத மாற்றங்களில் மூன்று மாதத்துக்கு மேல் கிடக்கும் வரிகள் இருந்தால், அவற்றின் விலை பெரும்பாலும் கூடித்தான் முடியும். வேலை மூடப்பட்ட பின் அளக்கவும் முடியாது. சுவருக்குள் போன கேபிளின் நீளத்தை நிரூபிக்க அன்றைக்கு எடுத்த படமும் இருவர் கையெழுத்திட்ட அளவுத் தாளும் மட்டுமே மிஞ்சும்.